"இன்னும் ரெண்டு வாரம்தான்": நழுவும் தேதிகளைக் காட்டும் மைல்கல் போக்கு வரைபடம்

பேராக்கில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுநகரை எடுத்துக்கொள்வோம். லயங்களிலிருந்து தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை மண்டபக் குழு கூடுகிறது. குத்தகையாளர் வந்து வேலை எந்த அளவில் இருக்கிறது, எது எப்போது முடியும் என்று சொல்கிறார், செயலாளர் எழுதிக்கொள்கிறார். ஊரும் கட்டடமும் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று தேதிகளையும் முழு மாதம், அரை மாதமாகவே அமைத்திருக்கிறேன். ஆனால் ஏதாவது ஒரு கட்டடக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

மண்டபத்துக்கு நான்கு முக்கியக் கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். அடித்தளம் ஏப்ரல் 1, கூரை ஜூலை 1, மின்சார இணைப்பு செப்டம்பர் 1, கட்டடம் முடிந்து பயன்பாட்டுக்குத் தயார் என்று உறுதிசெய்யும் சி.சி.சி. சான்றிதழ் டிசம்பர் 1. சி.சி.சி. இல்லாமல் மண்டபத்தை வாடகைக்கு விட முடியாது. தை மாதக் கல்யாணங்களுக்கு இப்போதே முன்பணம் வாங்கியாகிவிட்டது.

ஜூலை 1 கூட்டத்தில் குத்தகையாளர், "கூரை செப்டம்பர் 1-க்கு முடிஞ்சிரும். போன மாசம் சொன்னதைவிட ரெண்டு வாரம்தான் கூட" என்கிறார். பொருளாளர் கவலைப்பட்டு, "சி.சி.சி.?" என்று கேட்கிறார். "அது டிசம்பர் 1-தான் அண்ணே, மாறலை." எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார்கள்.

அந்த ஒரு அறிக்கையை மட்டும் படித்தால் தவறு எதுவும் தெரியாது. ரெண்டு வாரம் என்பது கட்டட வேலையில் ஒரு பெரிய மழை. இதே வார்த்தையைக் குத்தகையாளர் இதற்கு முன் எத்தனை முறை சொன்னார் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் பழைய கூட்டக் குறிப்புகளில் சிதறிக் கிடக்கிறது, யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. மைல்கல் போக்கு வரைபடம், அதாவது மைல்ஸ்டோன் டிரெண்ட் சார்ட், செய்வதெல்லாம் அந்தச் சிதறலை ஒரே தாளில் கோடுகளாக்கிக் காட்டுவதுதான். ஜெர்மன் பொறியியல் நிறுவனங்களில் இது வெகுகாலமாகப் புழங்குகிறது. மென்பொருள் இல்லாமல் கட்டம் போட்ட தாளிலேயே வரைந்துவிடலாம்.

முதலில் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பட்டியல் போடுவோம். இடப்பக்கம் அறிக்கை வந்த நாள். மற்றவை அந்த நாளில் "இது எப்போது முடியும்" என்று குத்தகையாளர் சொன்ன தேதிகள்.

| அறிக்கை நாள் | அடித்தளம் | கூரை | மின்சாரம் | சி.சி.சி. |
|---|---|---|---|---|
| பிப்ரவரி 1 | ஏப்ரல் 1 | ஜூலை 1 | செப்டம்பர் 1 | டிசம்பர் 1 |
| மார்ச் 1 | ஏப்ரல் 15 | ஜூலை 1 | செப்டம்பர் 1 | டிசம்பர் 1 |
| ஏப்ரல் 1 | மே 1 | ஜூலை 15 | செப்டம்பர் 1 | டிசம்பர் 1 |
| மே 1 | முடிந்தது | ஆகஸ்ட் 1 | செப்டம்பர் 1 | டிசம்பர் 1 |
| ஜூன் 1 | | ஆகஸ்ட் 15 | செப்டம்பர் 15 | டிசம்பர் 1 |
| ஜூலை 1 | | செப்டம்பர் 1 | அக்டோபர் 1 | டிசம்பர் 1 |

இனி வரைவது. தாளின் கீழ்க்கோட்டில் இடமிருந்து வலமாக அறிக்கை நாட்களைக் குறியுங்கள்: பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று. இடப்பக்கம் கீழிருந்து மேலாக அதே நாட்காட்டியை மறுபடியும் குறியுங்கள், அது கட்டங்கள் முடியும் என்று சொல்லப்பட்ட தேதிக்கு. இரண்டு பக்கமும் ஒரு மாதத்துக்கு ஒரே அளவு இருக்க வேண்டும், கிடைமட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் செங்குத்திலும் ஒரு சென்டிமீட்டர். பலர் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள். அளவு மாறினால் கோட்டின் சாய்வுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

பிறகு இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்கு 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு போடுங்கள். அந்த மூலைவிட்டத்தின் மேல் எந்தப் புள்ளியிலும் அறிக்கை நாளும் முடியும் தேதியும் ஒன்றே, அதாவது அந்தக் கோடு "இன்று". ஒரு வேலை இன்னும் முடியவில்லை என்றால் அதன் தேதி இன்றைக்குப் பிந்தியதாகத்தான் இருக்கும், ஆகவே புள்ளி மூலைவிட்டத்துக்கு மேலே இருக்கும். வேலை முடிந்த நாளில் அதன் கோடு மூலைவிட்டத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். மூலைவிட்டத்துக்குக் கீழே எதுவும் வராது, வந்தால் யாரோ கடந்துபோன தேதியையே இன்னும் "எதிர்பார்ப்பு" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால் அதுவும் கிடைக்கும்!

வேறு ஊர்களில் இதே படத்தை அறிக்கை நாட்கள் மேலிருந்து கீழே இறங்கும்படி திருப்பிப்போட்டும் வரைகிறார்கள். கையில் கிடைக்கும் படத்தில் எந்த அச்சில் எது என்று முதலில் பார்த்துக்கொண்டால் போதும், படிக்கும் முறை ஒன்றுதான்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளிகளை வைத்து இணைத்தால் நான்கு கோடுகள் கிடைக்கும். சொன்ன தேதி மாறாமல் இருந்தால் கோடு படுக்கையாக வலப்பக்கம் நகர்ந்து மூலைவிட்டத்தைத் தொடும். தேதி தள்ளிப்போனால் கோடு மேலேறும், முன்னால் வந்தால் கீழிறங்கும்.

அடித்தளக் கோடு இரண்டு அறிக்கைகளில் படிப்படியாக ஏறி, பிறகு படுத்து, மே 1-ல் மூலைவிட்டத்தைத் தொட்டு நின்றுவிட்டது. ஒரு மாதம் தாமதம், ஆனால் கணக்கு முடிந்துவிட்டது. இனி அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கூரைக் கோடுதான் கவனிக்க வேண்டியது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஒரு மாதம்கூடத் தவறாமல் அது ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அரை மாதம். குத்தகையாளர் எந்த மாதமும் பொய் சொல்லவில்லை, அந்தந்த மாதம் அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஏப்ரலில் அடித்தளம் தாமதம் என்று ஒரு காரணம், மே மாதம் சாயங்கால மழை, ஜூனில் இரும்புச் சட்டம் வரவில்லை, ஜூலையில் ஆட்கள் வேறு தாமானில் வேலைக்குப் போய்விட்டார்கள். காரணம் மாதாமாதம் வேறு, சாய்வு மட்டும் ஒன்றே. நான்கு வெவ்வேறு காரணங்கள் ஒரே சாய்வைத் தருகின்றன என்றால், தனித்தனி விபத்துகளைத் தாண்டிய ஏதோ ஒன்று அங்கே வேலை செய்கிறது. ஆள் போதவில்லையோ, முதலில் போட்ட கால அளவே தவறோ, இரண்டில் ஒன்று.

சாய்வை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒவ்வொரு மாதம் கழியும்போதும் கூரையின் தேதி அரை மாதம் விலகிப்போகிறது, ஆகவே ஒரு மாதம் உழைத்தால் அரை மாதம்தான் நெருங்குகிறோம். ஜூலை 1-ல் நின்று பார்த்தால் செப்டம்பர் 1-க்கு இரண்டு மாதம் இருக்கிறது. மாதத்துக்கு அரை மாதம் வீதம் நெருங்கினால் அந்த இரண்டு மாதத்தைக் கடக்க நான்கு மாதம் ஆகும். அதாவது இதே போக்கு நீடித்தால் கூரை நவம்பர் தொடக்கத்தில்தான் முடியும். தாளில் இதற்குக் கணக்குகூட வேண்டாம். கூரைக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்து அதே சாய்வில் நீட்டினால், அது மூலைவிட்டத்தை எங்கே வெட்டுகிறதோ அதுதான் விடை.

சாய்வு இன்னும் செங்குத்தாகி மூலைவிட்டத்துக்கு இணையாகப் போனால், நீட்டிய கோடு மூலைவிட்டத்தை வெட்டவே வெட்டாது. மாதம் ஒன்று போக, தேதியும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. "இன்னும் மூணு மாசத்துல" என்று மூன்று வருடமாகச் சொல்லப்படும் கட்டடங்களை நம் ஊர்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அவற்றின் கோடு அப்படித்தான் இருக்கும்.

கணினியில் செய்ய விரும்புகிறவர்கள் மேலே உள்ள பட்டியலையே எக்செல்லில் A1 முதல் அடித்துக்கொள்ளலாம், தேதிகளை மட்டும் 1-Feb என்பதுபோல எக்செல் தேதியாக ஏற்கும் வடிவில் அடியுங்கள். "முடிந்தது" என்ற இடத்தில் மட்டும் முடிந்த தேதியை அடியுங்கள், அப்போதுதான் கோடு மூலைவிட்டத்தைத் தொடும். A நெடுவரிசை அறிக்கை நாள், C கூரை. F2-ல் `=A2` என்று போட்டுக் கீழே இழுத்தால் மூலைவிட்டமும் கிடைத்துவிடும். படத்துக்கு Scatter with Straight Lines and Markers வகையைத் தேர்ந்தெடுங்கள். கூரை முடியும் நாளைச் சாய்விலிருந்து கணக்கிட:

```
G1: =(C7-C3)/(A7-A3)
G2: =A7+(C7-A7)/(1-G1)
```

G1 சாய்வு, சுமார் 0.51 வரும். G2-ஐத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் நவம்பர் 4 வரும். மாதங்களின் நாள் எண்ணிக்கை சமமாக இல்லாததால்தான் அந்தச் சில நாள் வித்தியாசம். எக்செல் இரண்டு அச்சுக்கும் தானாகவே வெவ்வேறு அளவு போட்டுவிடும், அதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். நவம்பர் 4 என்ற தேதியை ஜோதிடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "இப்படியே போனால்" என்ற நிபந்தனையோடு வரும் தேதி அது. குத்தகையாளர் கூடுதல் ஆள் போட்டால் அது பொய்த்துப்போகும், பொய்த்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கூட்டத்தில் காட்டுகிறோம்.

இதுவரை ஒரு கோட்டைத் தனியாகப் பார்த்தோம். எனக்கு இந்தப் படத்தில் அதிகம் பயன்பட்டது இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. எல்லாரும் ஏறும் கோட்டைப் பார்த்துப் பதறுவார்கள். நான் முதலில் தேடுவது ஏறாமல் படுத்திருக்கும் கோட்டை.

சி.சி.சி. கோட்டைப் பாருங்கள். பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை டிசம்பர் 1, அசையவே இல்லை. தனியாகப் பார்த்தால் நல்ல செய்தி. ஆனால் அதற்குக் கீழே கூரைக் கோடு ஏறிவந்து அதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே ஐந்து மாதம் இருந்தது, இப்போது மூன்று.

அந்த ஐந்து மாதத்தில் என்னென்ன நடக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒயரிங் முடிக்க வேண்டும், மின் குத்தகையாளர் டி.என்.பி.-யிடம் இணைப்பு வாங்க வேண்டும், தரை ஓடு, சமையற்கட்டு, சாயம், போம்பா சோதனை என்று வரிசையாக இருக்கிறது. சி.சி.சி. என்பது யாரோ ஓர் அதிகாரி கடைசி நாளில் போடும் முத்திரை இல்லை. 2007-லிருந்து தீபகற்ப மலேசியாவில் அதைத் தருபவர் திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பதிவுபெற்ற கட்டட வரைவாளரோதான். மண்வேலை, அடித்தளம், கட்டமைப்பு, மின்வேலை என்று ஒவ்வொரு பகுதிக்கும் அதைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்திட்ட படிவங்கள் சேர்ந்த பிறகுதான் அவர் கையெழுத்திடுவார். மின்சாரம், தண்ணீர், தீயணைப்பு போன்ற துறைகளின் ஒப்புதலும் வந்தாக வேண்டும். முன்வேலை எது நழுவினாலும் சான்றிதழும் சேர்ந்து நழுவும் என்பது இதன் இயல்பிலேயே இருக்கிறது.

ஆகவே ஐந்து மாதம் மூன்றானதற்கு இரண்டே விளக்கம்தான் உண்டு. ஒன்று, முதலில் போட்ட ஐந்து மாதத்தில் இரண்டு மாதம் தேவையில்லாத சேமிப்பு, அது இப்போது கரைகிறது. அப்படியானால் மோசமில்லை, ஆனால் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும். இல்லையென்றால், டிசம்பர் 1 என்பது யாரும் மறுபடி கணக்குப் போடாமல் பழைய அறிக்கையிலிருந்து அப்படியே இறக்கிய தேதி. பெரும்பாலும் இரண்டாவதுதான். கடைசிக் கட்டத்தின் தேதியை மாற்றினால் கூட்டத்தில் சத்தம் வரும், நடுவில் இருப்பதை மாற்றினால் வராது. அதனால் தாமதம் நடுக்கோடுகளில் குவிந்து கடைசிக் கோட்டின் அடியில் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

மின்சாரக் கோட்டிலும் இதே கதையின் சின்னப் பிரதி இருக்கிறது. கூரைக்குப் பிறகு இரண்டு மாதம் என்று தொடங்கியது, மே மாதத்தில் இடைவெளி ஒரு மாதமாகச் சுருங்கியது. ஜூனிலிருந்து அது கூரையோடு சேர்ந்தே ஏறுகிறது. சேமிப்பு தீர்ந்துவிட்டது, இனிமேல் கூரை தள்ளினால் மின்சாரமும் தள்ளும் என்று அந்தக் கோடே சொல்கிறது. இரண்டு கோடுகள் நெருங்கிவந்து ஒரு கட்டத்தில் இணையாக ஏறத் தொடங்கினால், அந்த இடைவெளிதான் உண்மையில் தேவைப்படும் குறைந்தபட்சக் காலம் என்று ஓரளவு நம்பலாம்.

பொருளாளர் கேட்ட கேள்விக்கு இப்போது வேறு விடை கிடைக்கிறது. குத்தகையாளர் சொல்வதை அப்படியே நம்பி, கூரை செப்டம்பர் 1 என்று வைத்தாலும், முதல் திட்டத்தின் ஐந்து மாதத்தைக் கூட்டினால் சி.சி.சி. பிப்ரவரி 1. தை மாதம் பாதி போய்விட்டது. சாய்வை நம்பினால் கூரை நவம்பர், சி.சி.சி. ஏப்ரல். டிசம்பர் 1 வேண்டுமானால் ஐந்து மாத வேலை எப்படி மூன்று மாதத்தில் முடியும் என்று ஒருவர் வாய்விட்டு விளக்க வேண்டும். ஜூலையில் இது தெரிந்தால் தை முகூர்த்தத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களிடம் இப்போதே பேசலாம், அவர்கள் வேறு மண்டபம் பார்க்க ஆறு மாதம் இருக்கிறது. நவம்பரில் தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வேறு சில வடிவங்களும் கண்ணில் படும். ஒரு கோடு ஒரு மாதம் ஏறி, மறு மாதம் இறங்கி, மறுபடி ஏறினால் தேதி சொல்பவருக்கே அடிப்படை இல்லை. அவர் அந்தந்த வாரத்து மனநிலையைச் சொல்கிறார். தொடக்கத்திலிருந்தே இறங்கிக்கொண்டு வந்தால் முதல் தேதியில் தாராளமாகச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். கடைசி மாதம் வரை படுத்திருந்து, மூலைவிட்டத்தைத் தொடப்போகும்போது திடீரென்று எழுந்து மேலே தாவினால், தேதி சொன்னவர் வேலையிடத்துக்கே போகவில்லை, திட்டத்தைப் பார்த்துப் படித்திருக்கிறார்.

இதில் அந்தத் திடீர்த் தாவலுக்கு மருந்து, கட்டத்தைத் தெளிவாக வரையறுப்பது. "கூரை முடிவு" என்றால் என்ன? கடைசித் தகடு ஏறியதா, தண்ணீர்க் குழாய்கள் பொருத்தியதா, ஒரு நல்ல மழை பெய்து உள்ளே சொட்டவில்லை என்று பார்த்ததா? ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே பதில் வரும்படி முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும். "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு" என்ற பதிலுக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. வரையறை எழுதப்படாத இடத்தில் இன்னொரு தந்திரமும் நடக்கும். ஏறிக்கொண்டிருந்த கோடு ஒரு மாதம் பளிச்சென்று கீழே இறங்கும், எல்லாரும் மகிழ்வார்கள். விசாரித்தால் தண்ணீர்க் குழாய் வேலையைக் கூரையிலிருந்து கழற்றி அடுத்த கட்டத்தில் சேர்த்திருப்பார்கள். அதனால்தான் ஒரே ஒரு அறிக்கையில் வரும் இறக்கத்தை நான் நம்புவதில்லை. அடுத்த இரண்டு அறிக்கைகளிலும் கோடு படுத்திருந்தால் வேலை உண்மையிலேயே மீண்டுவிட்டது.

எத்தனை கோடு வேண்டும் என்றால், இப்படிப்பட்ட மண்டபத்துக்கு நான்கிலிருந்து ஏழு போதும். இருபது போட்டால் நூல்கண்டுதான் தெரியும். அறிக்கைகளும் ஒரே கால இடைவெளியில் வர வேண்டும். தீபாவளி மாதம் கூட்டம் நடக்கவில்லை என்று ஒன்றைத் தவறவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, அடுத்த புள்ளியை அதன் சரியான நாளில் வையுங்கள், நெருக்கி வைக்காதீர்கள். இரண்டு புள்ளிகளை வைத்துப் போக்கு என்று எதையும் சொல்ல வேண்டாம். மூன்றாவது அறிக்கையிலிருந்துதான் படம் பேசத் தொடங்கும்.

குழு புதிய தேதியை ஏற்றுக்கொண்ட பிறகு செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. "இனி இதுதான் திட்டம்" என்று பழைய கோடுகளை அழித்துவிட்டுப் புதிய தாளில் படுக்கையாகத் தொடங்குவது. கூரைக்கு நவம்பர் 1 என்று முடிவு செய்தால், அந்தக் கூட்ட நாளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதே தாளில் நவம்பர் 1-க்குத் தாவி அங்கிருந்து தொடருங்கள். சாய்வைக் கணக்கிடும்போது அந்தத் தாவலைச் சேர்க்காமல், செங்குத்துக் கோட்டுக்குப் பிந்திய புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் சொல்லாதது ஒன்று: ஏன் என்பது. கோடு ஏறியது தெரியும், இரும்புச் சட்டம் வரவில்லை என்பது தெரியாது. எந்தக் கட்டம் எதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் அது காட்டாது, கூரை தாமதமானால் மின்சாரம் தாமதமாகும் என்பது கட்டடம் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ரிங்கிட் கணக்கும் இதில் வராது. அதனால் கோடு வளையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் போட்டு, தாளின் அடியில் அதே எண்ணுக்கு ஒரு வரி எழுதிவிடுவது வழக்கம்: என்ன காரணம், யார் சொன்னார், அடுத்த கூட்டத்துக்குள் யார் என்ன செய்ய ஒப்புக்கொண்டார். அந்த வரியைக் குத்தகையாளர் முன்னாலேயே எழுதுங்கள்.